8 சதவீதம் மலிவா, 12 சதவீதம் மலிவா? கடன் வட்டியையும் மாதத் தவணையையும் நீங்களே கணக்குப் போடும் முறை

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் ஒரு சின்ன யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் வெயில் கிடையாது, காயப்போட வழியில்லை, வேலை பாதியாகிவிடுகிறது. ஒரு டிரையரும் மாவு பிசையும் மெஷினும் வாங்கினால் மழையிலும் ஓட்டலாம். அதற்கு 3 லட்சம் ரூபாய் வேண்டும். மூன்று வருடத்தில் அடைத்துவிடலாம் என்று உரிமையாளர் நினைக்கிறார்.

வங்கியில் கேட்டால் 12 சதவீதம் என்கிறார்கள். அடுத்த வாரமே ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிப் பையன் பைக்கில் வந்து இறங்குகிறான். "அண்ணாச்சி, பேங்க்ல பன்னெண்டு கேக்கான். நாங்க எட்டுதான் போடுதோம். ரெண்டே நாள்ல பணம் கையில."

எட்டா, பன்னிரண்டா? கேட்டவுடன் எட்டுதான் லாபம் என்று தோன்றும். இந்த உதாரணத்தில் எட்டுதான் அதிகம். எப்படி என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம். கூடவே ஒரு ஷீட்டும் தயாரித்துக்கொள்வோம். எந்தக் கடன் வந்தாலும் நாலு எண்ணைப் போட்டால் அதன் உண்மையான வட்டியை அது காட்டிவிடும்.

## படி 1: வட்டி எந்தத் தொகைக்கு ஓடுகிறது?

நம் பக்கம் வட்டியை மாதக் கணக்கில்தான் பேசுவோம். "நூத்துக்கு ரெண்டு" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். வங்கி வருடக் கணக்கில் சொல்லும். 12 சதவீதம் என்பது நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. முதலில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இது எளிது.

வட்டி எந்தத் தொகையின் மேல் போடப்படுகிறது என்பதில்தான் சிக்கல். தெரிந்தவரிடம் நூற்றுக்கு ஒன்று என்று 3 லட்சம் வாங்கி, மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டி, அசலை மூன்று வருடம் கழித்து மொத்தமாகக் கொடுத்தால், அந்த 3 லட்சமும் மூன்று வருடமும் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆகவே மாதம் 3,000 ரூபாய் வட்டி நியாயமான கணக்கு. தவணைக் கடன் அப்படி இல்லை. ஒவ்வொரு தவணையிலும் அசலில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். இருபதாவது மாதத்தில் உங்களிடம் 3 லட்சம் இல்லை, ஒன்றரை லட்சத்தை ஒட்டித்தான் பாக்கி இருக்கும். அப்போதும் 3 லட்சத்துக்கே வட்டி போட்டால் அதற்குப் பெயர் ஃபிளாட் வட்டி. மீதி இருக்கும் பாக்கிக்கு மட்டும் போட்டால் அது குறையும் நிலுவை முறை. வங்கியில் இதை டிமினிஷிங் என்றோ ரெடியூசிங் என்றோ சொல்வார்கள்.

## படி 2: குறையும் நிலுவையில் மூன்று மாதத்தைக் கையால் போடுங்கள்

வங்கிக் கடனை எடுத்துக்கொள்வோம். 3,00,000 ரூபாய், வருடத்துக்கு 12 சதவீதம், 36 மாதம். மாத வட்டி 1 சதவீதம். மாதத் தவணை 9,964 ரூபாய். இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு பார்ப்போம். அது எப்படிப் பிரிகிறது என்பதை முதலில் கவனியுங்கள்.

| மாதம் | தொடக்க நிலுவை | வட்டி | அசலுக்குப் போனது | மீதி |
|---|---|---|---|---|
| 1 | 3,00,000 | 3,000 | 6,964 | 2,93,036 |
| 2 | 2,93,036 | 2,930 | 7,034 | 2,86,002 |
| 3 | 2,86,002 | 2,860 | 7,104 | 2,78,898 |

முதல் மாதம் 3 லட்சத்துக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் வட்டி. தவணையில் அது போக மீதி 6,964 அசலைக் குறைக்கிறது. அடுத்த மாதம் வட்டி அந்தக் குறைந்த தொகைக்குத்தான். அதனால் வட்டி 70 ரூபாய் இறங்குகிறது, அந்த 70 ரூபாயும் அசல் பக்கம் சேர்கிறது. தவணை மாறவே இல்லை, உள்ளே பங்குதான் மாறுகிறது. 36-வது மாதம் வரும்போது வட்டி நூறு ரூபாய்க்கும் கீழே போயிருக்கும்.

வருட வாரியாகக் கூட்டினால் முதல் வருடம் 31,247, இரண்டாம் வருடம் 20,045, மூன்றாம் வருடம் 7,423 ரூபாய் வட்டி. மொத்தம் 58,715 ரூபாய். பாதிக்கு மேல் முதல் வருடத்திலேயே போய்விடுகிறது. "ஒரு வருஷம் கட்டியாச்சு, பாக்கி இன்னும் ரெண்டு லட்சத்துக்கு மேல நிக்குதே, ஏமாத்துறானோ" என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கு அப்படித்தான் ஓடும். பன்னிரண்டாம் தவணை கட்டிய பிறகு பாக்கி 2,11,675 ரூபாய்.

## படி 3: 9,964 எப்படி வந்தது?

36 மாதமும் ஒரே தொகையைக் கட்ட வேண்டும், கடைசி மாதம் பாக்கி சரியாகப் பூஜ்யத்தில் முடிய வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைக்கும் பொருந்தும் எண் ஒன்றே ஒன்றுதான். அதற்கான சூத்திரம்:

```
EMI = P × r × (1+r)^n ÷ ((1+r)^n − 1)
```

P கடன் தொகை, r மாத வட்டி, n மாதங்களின் எண்ணிக்கை. r-ஐப் போடும்போது 12 என்றோ 1 என்றோ போடக் கூடாது, 0.01 என்று போட வேண்டும். கால்குலேட்டரில் பெரும்பாலானோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். 1.01-ஐ 36 முறை பெருக்கினால் 1.430769 வரும். 3,000-ஐ 1.430769-ஆல் பெருக்கி 0.430769-ஆல் வகுத்தால் 9,964.29.

அந்த 29 பைசாவை விட்டுவிட்டு 9,964 என்றே கட்டினால், கடைசியில் 12 ரூபாய் சொச்சம் பாக்கி நிற்கும். வங்கிகள் தவணையை முழு ரூபாயாக்கிவிட்டு, கடைசித் தவணையைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ நேர் செய்துவிடும்.

## படி 4: இப்போது அந்த எட்டு சதவீதம்

ஃபிளாட் கணக்குக்குச் சூத்திரமே தேவையில்லை. டீக்கடை பெஞ்சில் வைத்துச் சொல்லிவிடலாம், அதுதான் அதன் கவர்ச்சி. 3 லட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் வருடம் 24,000, மூன்று வருடத்துக்கு 72,000. அசலோடு சேர்த்து 3,72,000. அதை 36-ஆல் வகுத்தால் தவணை 10,333 ரூபாய்.

வங்கித் தவணை 9,964. இங்கே 10,333. எட்டு சதவீதக் கடனுக்கு மாதம் 369 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறோம். 36 மாதத்தில் 13,285 ரூபாய்.

காரணம் முதல் படியில் சொன்னதுதான். மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வருவதால், மூன்று வருடத்துக்கும் சராசரி போட்டால் உங்கள் கையில் இருந்த பாக்கி சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம்தான். அந்தத் தொகைக்கு வருடம் 24,000 ரூபாய் வட்டி கட்டியிருக்கிறீர்கள். வகுத்துப் பாருங்கள், 14.5 சதவீதம் வரும். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. வங்கி சொன்ன பன்னிரண்டும் அவன் சொன்ன எட்டும் இரண்டு வேறு அளவுகோல்கள், அவ்வளவுதான்.

கையில் ஃபோன் இல்லாத நேரத்துக்கு ஒரு குத்துமதிப்பு: மூன்று வருடத் தவணைக் கடன் என்றால், ஃபிளாட் வீதத்தை 1.8-ஆல் பெருக்குங்கள். 8 என்றால் 14.4, 12 என்றால் 21.6. துல்லியமாகப் போட்டால் 14.5-உம் 21.2-உம் வரும். பேச்சுவார்த்தைக்கு இது போதும், கையெழுத்துக்குப் போதாது.

## படி 5: ஷீட் தயாரிப்போம்

ஃபோனில் கூகுள் ஷீட்ஸ் இருந்தாலே போதும், எக்செல்லிலும் இதே சூத்திரங்கள்தான். புதிய ஷீட்டைத் திறந்து, A பத்தியில் பெயர்களையும் B பத்தியில் எண்களையும் இப்படிப் போடுங்கள்.

```
A1 கடன் தொகை            B1  300000
A2 சொல்லும் வட்டி         B2  12%
A3 மாதங்கள்              B3  36
A4 முன்பிடித்தம்           B4  0
A5 மாதத் தவணை           B5  =PMT(B2/12,B3,-B1)
A6 உண்மை வட்டி           B6  =RATE(B3,-B5,B1)*12
A7 பிடித்தம் சேர்த்து        B7  =RATE(B3,-B5,B1-B4)*12
```

B2-இல் சதவீதக் குறியோடு சேர்த்து 12% என்று போட வேண்டும். குறியை விட்டுவிட்டால் 1,200 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு தவணை லட்சக்கணக்கில் நிற்கும். அதைப் பார்த்தாலே தவறு தெரிந்துவிடும். B6, B7 இரண்டையும் சதவீத வடிவத்துக்கு மாற்றி, இரண்டு தசம இடம் காட்டும்படி வையுங்கள். RATE-க்குள் B5-க்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறியை மறக்காதீர்கள். பணம் கைக்கு வருவது ஒரு குறி, கையை விட்டுப் போவது எதிர்க் குறி. அது விடுபட்டால் ஷீட் பிழை காட்டும்.

ஃபிளாட் கடன் என்றால் B2-இல் 8% போட்டு, B5-ஐ மட்டும் மாற்றுங்கள்.

```
B5  =(B1+B1*B2*B3/12)/B3
```

B6-இல் 14.55% என்று வந்து நிற்கும். வங்கிக் கடனுக்குப் போட்டால் அதே இடத்தில் 12.00% தான் வரும். இந்த ஒரு கட்டம்தான் எட்டையும் பன்னிரண்டையும் ஒரே தராசில் வைக்கிறது. பிரதிநிதி எந்தச் சதவீதமும் சொல்லாமல் "மாசம் 10,333 கட்டுங்க" என்று மட்டும் சொன்னாலும் பரவாயில்லை. B2-ஐ விட்டுவிட்டு B5-இல் நேரடியாக 10333 என்று அடித்தால் போதும்.

அப்புறம் தவணை அட்டவணை. ஒன்பதாவது வரியில் மாதம், தொடக்க நிலுவை, வட்டி, அசல், மீதி, கூடுதல் கட்டு என்று A முதல் F வரை தலைப்பு கொடுத்துவிட்டு, பத்தாவது, பதினோராவது வரிகளில் இவற்றைப் போடுங்கள்.

```
A10  1           A11  =A10+1
B10  =B1         B11  =E10
C10  =B10*$B$6/12
D10  =$B$5-C10
E10  =B10-D10-F10
```

C10, D10, E10 மூன்றையும் பதினோராவது வரிக்கு நகலெடுத்து, பிறகு பதினோராவது வரி முழுவதையும் 45-வது வரி வரை கீழே இழுத்துவிடுங்கள். டாலர் குறி போட்ட கட்டங்கள் இழுக்கும்போது நகராது, அதற்காகத்தான் அந்தக் குறி. எல்லாம் சரியாக இருந்தால் E45-இல் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் முதலில் டாலர் குறிகளைத்தான் பாருங்கள்.

வருடக் கணக்கு முடிக்கும்போது இந்த C பத்தி இன்னொரு வேலைக்கும் உதவும். தவணை முழுவதையும் செலவு என்று எழுதும் பழக்கம் நிறையக் கடைகளில் இருக்கிறது. வட்டி மட்டும்தான் செலவு. அசல் என்பது கடனைத் திருப்பிக் கொடுப்பது, அது லாப நஷ்டக் கணக்குக்குள் வராது.

## படி 6: கைக்கு வந்த பணம் எவ்வளவு?

இனி B4. ஃபைனான்ஸ் கம்பெனி 3 லட்சம் என்று எழுதிவிட்டு, 2 சதவீதம் செயலாக்கக் கட்டணம் 6,000, அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 1,080, காப்பீட்டுப் பிரீமியம் 4,920 என்று மொத்தம் 12,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 2,88,000-ஐக் கணக்கில் போடுகிறது என்று வைப்போம். தவணையோ 3 லட்சத்துக்குத்தான். B4-இல் 12000 போட்டால் B7 ஏறக்குறைய 17.5 சதவீதத்துக்கு ஏறும்.

சில இடங்களில் முதல் தவணையையும் முன்கூட்டியே பிடிப்பார்கள். அப்போது B4-இல் 22333 போட்டு, இனி கட்ட வேண்டியது 35 தவணைதான் என்பதால் B7-இல் B3 இருக்கும் இடத்தில் B3-1 என்று மாற்றுங்கள். வருவது 18.6 சதவீதம். எட்டில் ஆரம்பித்த பேச்சு இங்கே வந்து நிற்கிறது. முன்தவணையை வாங்கிக்கொண்டு முழுத் தொகைக்கும் வட்டி போடும் இந்தப் பழக்கத்தை 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியே ஒரு சுற்றறிக்கையில் சுட்டிக்காட்டிக் கண்டித்திருக்கிறது. பணம் கொடுத்த நாளிலிருந்து இல்லாமல் ஒப்புதல் ஆன நாளிலிருந்தே வட்டி ஓட்டுவதையும் அதே அறிக்கையில் குறை சொன்னது.

வங்கியிலும் கட்டணம் இருக்கும். அரை சதவீதமும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 1,770 ரூபாய் என்று எடுத்தால், 12 சதவீதம் 12.4 ஆகிறது. ஆக, உண்மையான ஒப்பீடு 12.4-க்கும் 17.5-க்கும் இடையில்தான். "ரெண்டே நாள்ல பணம்" என்பதற்கு ஒரு விலை உண்டு, சில நேரம் அதைக் கொடுப்பதும் சரியாகவே இருக்கலாம். விலை எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி. உண்டு, கடன் வட்டியின் மேல் கிடையாது. வட்டிக்கும் ஜி.எஸ்.டி. என்று யாராவது சேர்த்திருந்தால் உடனே கேளுங்கள்.

இதையெல்லாம் நீங்களே துருவ வேண்டாம் என்பதற்காகவே ஒரு தாள் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் சில்லறைக் கடனுக்கும் சிறு குறு நடுத்தரத் தொழில்களின் தவணைக் கடனுக்கும் கே.எஃப்.எஸ். என்ற முக்கிய விவர அறிக்கையைக் கொடுத்தே ஆக வேண்டும். வங்கிக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் இது பொருந்தும். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு சதவீதம் இருக்கும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருட வீதம் அது. உங்கள் ஷீட்டின் B7 அதற்கு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். தவணை அட்டவணையும் அதோடு சேர்ந்து வர வேண்டும், உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அந்த அறிக்கையில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் வாங்காமல் பிறகு வசூலிக்க முடியாது. ஆகவே "வட்டி எவ்வளவு தம்பி?" என்று கேட்பதற்குப் பதில் "கே.எஃப்.எஸ். கொடுங்க, ஏ.பி.ஆர். எவ்வளவுன்னு பார்க்கணும்" என்று கேளுங்கள். உங்கள் B7-உம் அந்த ஏ.பி.ஆர்.-உம் கால் சதவீதத்துக்கு மேல் விலகினால், எந்தக் கட்டணம் விடுபட்டது என்று தேட வேண்டும். பெரும்பாலும் காப்பீடாகத்தான் இருக்கும்.

## ஷீட்டும் ஸ்டேட்மென்ட்டும் ஒத்துப்போகாவிட்டால்

சில ரூபாய் வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம். நம் ஷீட் ஒவ்வொரு மாதத்தையும் வருடத்தில் பன்னிரண்டில் ஒரு பங்காக எடுக்கிறது. பல வங்கிகள் நாள் கணக்கில் போடும். 3 லட்சத்துக்கு 12 சதவீதத்தில் 31 நாள் மாதத்துக்கு 3,058 ரூபாய், 28 நாள் பிப்ரவரிக்கு 2,762 ரூபாய். வருடம் முழுதும் பார்த்தால் சமமாகிவிடும்.

முதல் தவணைக்கு முன்னால் தனியாக ஒரு தொகை கேட்டாலும் அதற்குக் காரணம் உண்டு. 20-ஆம் தேதி பணம் வந்து, தவணைத் தேதி ஒவ்வொரு மாதமும் 5 என்றால், இடைப்பட்ட சில நாளுக்கு வட்டி தனியாக வரும். 15 நாளுக்கு 1,479 ரூபாய். இதைவிட அதிகமாகக் கேட்டால் நாளை எண்ணிப் பாருங்கள்.

ஒரு தவணை தவறினால் வரும் அபராதத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். அபராதத்தை வட்டி வீதத்தோடு கூட்டிப் போடுவதையும், அந்த அபராதத்தின் மேல் மறுபடி வட்டி போடுவதையும் ரிசர்வ் வங்கி தடுத்துவிட்டது. 2024 ஏப்ரல் முதல் அது தனிக் கட்டணமாகத்தான் இருக்க வேண்டும். கட்டாத தவணையின் பாக்கிக்கு வழக்கமான வட்டி ஓடும், அது வேறு.

## படி 7: மழை மாதத்தையும் கூடுதல் பணத்தையும் ஷீட்டில் போடுங்கள்

அப்பளத் தொழிலில் எல்லா மாதமும் ஒன்றல்ல. வடகிழக்குப் பருவமழை நம்மிடம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. டிரையர் வந்து சேர்ந்து, மின்சாரச் செலவு பிடிபட்டு, விற்பனை நிலைக்க நேரம் எடுக்கும். வங்கியில் சில மாதம் தவணைக்கு விடுமுறை கேட்கலாம், மாரிடோரியம் என்பார்கள். கட்ட வேண்டாம் என்றால் வட்டி நின்றுவிட்டது என்று பொருளில்லை. மூன்று மாதம் எதுவும் கட்டாமல் வட்டியை அசலில் சேர்த்தால் 3,00,000 என்பது 3,09,090 ஆகிவிடும். அதற்குப் பிறகு 36 மாதத்துக்குத் தவணை 10,266 ரூபாய். அந்த மூன்று மாத மூச்சுக்கு மொத்த விலை சுமார் 10,870. மாதம் 3,000 வட்டியை மட்டுமாவது கட்டிவிட முடிந்தால் தவணை 9,964-லேயே நிற்கும். என்னைக் கேட்டால் விடுமுறையைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் வட்டியைக் கட்டிவிடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கல்யாண சீசன் நன்றாக ஓடி, ஒரு வருட முடிவில் கையில் 50,000 ரூபாய் மீந்தது என்று வைப்போம். வங்கிக் கடனின் ஷீட்டில் பன்னிரண்டாம் மாத வரியில், அதாவது F21-இல் 50000 போடுங்கள். தவணையை மாற்றாமல் விட்டால் கடன் 36-க்குப் பதில் 30-ஆவது மாதமே முடிந்துவிடும், E39-இல் மீதி பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதைப் பார்க்கலாம். அதற்குக் கீழே உள்ள வரிகளுக்குப் பொருள் இல்லை. மிச்சமாகும் வட்டி சுமார் 11,800 ரூபாய். வங்கியில் பணத்தைக் கட்டும்போதே "தவணையைக் குறைக்க வேண்டாம், மாதத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்கு வசதியானதைச் செய்வார்கள்.

முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்பது கடனைப் பொறுத்தது. 2026 ஜனவரி 1 முதல் ஒப்புதலான மாறும் வட்டிக் கடன்களில், தொழிலுக்காகத் தனிநபர்களும் குறு, சிறு நிறுவனங்களும் வாங்கியவற்றுக்கு வணிக வங்கிகள் இந்தக் கட்டணத்தை வாங்கக் கூடாது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

ஃபிளாட் கடனை இடையில் அடைக்கப் போனால் ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். ஒரு வருடம் கட்டியாயிற்று, மூன்றில் ஒரு பங்கு அசல் போய் 2 லட்சம்தான் பாக்கி என்று உரிமையாளர் நினைப்பார். கம்பெனியின் கணக்கு உள்ளுக்குள் 14.55 சதவீதக் குறையும் நிலுவையில்தான் ஓடும். அதன்படி பாக்கி ஏறக்குறைய 2,14,000. ஃபிளாட் கடனின் எண்களைப் போட்ட ஷீட்டில் E21-ஐப் பாருங்கள், அதுதான் நிற்கும். இது நியாயமான கணக்குதான். "மிச்சம் 24 தவணையையும் அப்படியே கட்டணும்" என்று 2,48,000 கேட்டால், இன்னும் ஓடாத நாளுக்கும் வட்டி கேட்கிறார்கள் என்று அர்த்தம். முன்கூட்டி முடித்தால் பாக்கியை எப்படிக் கணக்கிடுவீர்கள் என்ற கேள்வியைப் பணம் வாங்குவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

## தண்டலுக்கும் இதே ஷீட்

சந்தைக் கடைகளிலும் தள்ளுவண்டிகளிலும் ஓடும் தண்டலுக்கும் RATE பொருந்தும். 10,000 என்று சொல்லி 9,000 கையில் கொடுத்து, நூறு நாளுக்குத் தினம் 100 ரூபாய் வசூல். "ஆயிரம் ரூபாதான வட்டி, பத்து பெர்சென்ட்" என்று சொல்லிக்கொள்கிறோம்.

```
=RATE(100,-100,9000)*365
```

விடை 77 சதவீதத்துக்கு மேல். பத்து சதவீதம் என்பது நூறு நாளுக்கு, அதுவும் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும் பணத்துக்கு. தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதலே இருக்கிறது. இருந்தும் அவசரத்துக்குக் கிடைப்பது அதுதான் என்பதால் ஓடிக்கொண்டே இருக்கிறது. காலையில் காய்கறி எடுத்து மாலைக்குள் விற்றுவிடுகிறவருக்கு நாலு நாள் தாங்கலாம். டிரையர் வாங்க, கட்டடம் போட, மூன்று வருடத்தில் காசு திரும்பும் எந்த வேலைக்கும் அந்தப் பணம் ஆகாது. தினம் 100 ரூபாய் என்பது மாதம் 3,000. இந்த 3,000-ஐ வங்கித் தவணையாக 12 சதவீதத்தில் 36 மாதம் கட்டினால், அது 90,000 ரூபாய்க்குச் சற்று மேலான கடனையே அடைத்துவிடும்.

## வட்டி வீதம் இடையில் மாறினால்

குறு, சிறு தொழில்களுக்கு வங்கிகள் தரும் மாறும் வட்டிக் கடன்கள் 2019 அக்டோபர் முதல், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி வீதமான ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன. ரெப்போ மாறினால் உங்கள் வீதமும் மாறும். ஷீட்டில் பழைய வரிகளைத் தொடாதீர்கள். B6-ஐ மாற்றினால் கட்டி முடித்த மாதங்களும் சேர்ந்து மாறிவிடும். அதற்குப் பதில் ஒரு புதிய தாள் திறந்து, மாற்றம் வந்த தேதியில் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் பாக்கியை B1-இலும், புதிய வீதத்தை B2-இலும், மிச்ச மாதங்களை B3-இலும் போடுங்கள். வருகிற தவணையும் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியில் உள்ள தவணையும் ஒன்றாக இருக்க வேண்டும். வங்கி பழைய தவணையையே பிடித்துக்கொண்டிருந்தால் மாதங்கள் கூடியோ குறைந்தோ இருக்கும். கிளையில் புதிய தவணை அட்டவணை கேட்டு வாங்கி, கடைசித் தவணையின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.